ஒன்றரை மணி நேர அனுமதி: கேட்கும் முறையும் எழுதும் முறையும்
(பொன்முடியில் தமிழ்த் தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லாற்றிலிருந்து இந்த மேட்டுக்கு வர 22 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே பிறந்தவர்களுக்கு அவற்றை எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கீழே விதுராவிலோ நெடுமங்காட்டிலோ உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போடும் அலுவலருக்கு அந்த வளைவுகள் தெரியாது. ஒரு மரம் விழுந்தால் பஸ் நிற்கும். மழை வலுத்தால் கீழே சோதனைச் சாவடியிலேயே வண்டிகளைத் தடுத்துவிடுவார்கள். 2022 மழைக்காலத்தில் வளைவு ஒன்றின் அருகே சாலையே இடிந்து, போக்குவரத்து மாதக்கணக்கில் அறுந்து கிடந்ததை நீங்கள் எல்லோரும் அனுபவித்தீர்கள். இப்படிப்பட்ட ஊரிலிருந்து கீழே வேலைக்குப் போகிறவர்கள், மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகமாக ஒரு காகிதத்தை எழுத வேண்டியிருக்கிறது. காலையில் தாமதமாக வரவோ மாலையில் முன்னதாகப் போகவோ சில மணி நேரம் அனுமதி கேட்கும் காகிதம். எல்லோரும் பெர்மிஷன் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

அலுவலகத்தில் இருந்த காலத்தில் இந்தக் காகிதங்களை வாங்கிப் படித்து மேலே அனுப்பும் வேலை எனக்கு நெடுநாள் இருந்தது. மறுக்கப்பட்ட கடிதங்களில் பெரும்பாலானவற்றில் காரணம் நியாயமானதாகவே இருந்தது. எழுதிய விதத்தில், அலுவலர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் எதுவென்று தெரியாமல் போனதுதான் சிக்கல். அதைத்தான் இன்று விரிவாகப் பேசப் போகிறேன்.

முதலில், நீங்கள் கேட்பது எது என்பதை எழுதும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றாகத் தெரியும். "கொஞ்சம் லேட்டா வரேன்", "கொஞ்சம் சீக்கிரம் போறேன்", அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அலுவலகக் கணக்கில் அவை வேறு வேறு பெட்டியில் விழும். நாளைக்கோ மறுநாளுக்கோ முன்கூட்டியே கேட்பது அனுமதி. நடந்து முடிந்த தாமதத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்வது வேறு, அங்கே அனுமதி கேட்க முடியாது, ஏனென்றால் நேரம் ஏற்கெனவே போய்விட்டது. அனுமதிக்கான வரம்பைத் தாண்டினால் அது அரை நாள் தற்செயல் விடுப்பு. அலுவலக வேலையாகவே வெளியே போனால் அது பணிநிமித்தம், அதற்கு அனுமதியும் வேண்டாம், விடுப்பும் வேண்டாம், வேறு பதிவு. இவற்றைக் கலந்து எழுதினால் எழுத்தர் எந்தக் கட்டத்தில் பதிவது என்று தெரியாமல் காகிதத்தை ஒதுக்கி வைப்பார். ஒதுக்கி வைத்த காகிதம் மாதக் கடைசியில் தாமத வருகையாகத்தான் உங்கள் பெயரில் ஏறும்.

வரம்பு எவ்வளவு என்பதும் இடத்துக்கு இடம் மாறும். மத்திய அரசு அலுவலகங்களில் ஒவ்வொரு தாமதத்துக்கும் அரை நாள் தற்செயல் விடுப்பைக் கழிக்கலாம் என்பது விதி. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட தாமதம், மாதத்தில் இரண்டு முறைக்கு மிகாமல், நியாயமான காரணம் இருந்தால் உரிய அலுவலர் மன்னிக்கலாம் என்று அதே விதி சொல்கிறது. கேரள அரசு அலுவலகங்களில் விரல் ரேகை வைத்துப் பஞ்சிங் செய்யும் முறை வந்த பிறகு, மாதத்துக்கு 300 நிமிடம் சலுகை நேரமாகத் தருகிறார்கள். கருவியே நிமிடக் கணக்கை வைத்துக்கொள்கிறது. தனியார் பள்ளி, ஆஸ்பத்திரி, ரிசார்ட், கடை என்றால் அந்தந்த நிறுவனத்தின் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எழுத்தரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: மாதத்தில் எத்தனை முறை, ஒரு முறைக்கு எத்தனை நேரம், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த மூன்றும் தெரியாமல் எழுதும் கடிதம் எவ்வளவு பணிவாக இருந்தாலும் குறிதவறும்.

இப்போது ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். விதுராவில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்க்கும், இந்தத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளியில் வேலை நேரம் காலை 10 முதல் மாலை 5 வரை. மாதத்தில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் வரை அனுமதி உண்டு. அவருடைய அம்மாவுக்கு நெடுமங்காட்டில் மாலை 5 மணிக்கு ஸ்கேன். அவர் எழுதிய முதல் கடிதம் இப்படி இருந்தது என்று கொள்வோம்:

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் அம்மாவுக்கு இரண்டு மாதமாக வயிற்றில் வலி இருந்து வருகிறது. முதலில் நாட்டு வைத்தியம் பார்த்தோம், சரியாகவில்லை. பிறகு டாக்டரிடம் காட்டியதில் ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அண்ணன் இல்லை, அப்பாவும் வர முடியாத நிலை. எனவே தாங்கள் பெரிய மனது வைத்து, செவ்வாய்க்கிழமை சீக்கிரம் செல்ல அனுமதி தந்து உதவுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இந்தக் கடிதத்தைப் படித்தால் யாருக்கும் மனம் இரங்கும். ஆனால் அலுவலருக்கு வேண்டியது எதுவும் இதில் இல்லை. எந்தச் செவ்வாய்க்கிழமை? சீக்கிரம் என்றால் மூன்று மணியா, நாலரையா? திரும்பி வருவாரா, அன்றைய வேலை அத்தோடு முடிந்ததா? அவருடைய மேஜையில் உள்ள வேலையை யார் பார்ப்பார்? தலைமை எழுத்தர் அவரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலை இருந்தால் "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவார். அம்மாவின் வயிற்று வலியும் நாட்டு வைத்தியமும் வீட்டு விஷயங்கள். அவற்றை ஒரு காகிதத்தில் எழுதி, அது கோப்பில் பல வருடம் கிடக்கும்படி செய்ய வேண்டியதில்லை.

அவர் முதலில் செய்ய வேண்டியது காகிதத்தில் எழுதுவது அல்ல, கணக்குப் போடுவது. ஸ்கேன் மாலை 5 மணிக்கு. பெயர் பதிய அரை மணி முன்னதாக, 4.30-க்கு அங்கே இருக்க வேண்டும். அம்மா பிற்பகல் பஸ்ஸில் இறங்கி விதுரா பஸ் நிலையத்தில் காத்திருப்பார். விதுராவிலிருந்து நெடுமங்காட்டுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகும் என்று வைத்து, பஸ் கிடைக்க ஒரு கால் மணி கூட்டினால், 3.30-க்குப் பள்ளியை விட்டுக் கிளம்ப வேண்டும். 3.30 முதல் 5 வரை ஒன்றரை மணி நேரம். பள்ளி வரம்பு சரியாக அவ்வளவுதான். ஆகவே இது அனுமதியில் அடங்கும். ஸ்கேன் 4 மணிக்கு இருந்திருந்தால் 2.30-க்குக் கிளம்ப வேண்டும். அப்போது இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். அது அனுமதியில் வராது, பிற்பகல் அரை நாள் விடுப்பாகவே கேட்க வேண்டும். வரம்பு ஒன்றரை மணி என்று தெரிந்தும் 2.30-க்கு அனுமதி கேட்டால், அலுவலருக்கு முன் மறுப்பதைத் தவிர வழியில்லை. மறுத்தவர் மேல் கோபப்பட அங்கே இடமும் இல்லை.

கணக்கு முடிந்த பிறகு எழுதும் கடிதம் இது:

அனுப்புநர்: (பெயர்), எழுத்தர்
பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள்
நாள்: 11.08.2025
பொருள்: 12.08.2025 பிற்பகல் 3.30 முதல் 5.00 வரை அனுமதி வேண்டுதல்

ஐயா,
என் தாயாருக்கு 12.08.2025 செவ்வாய்க்கிழமை மாலை 5.00 மணிக்கு நெடுமங்காட்டில் மருத்துவப் பரிசோதனைக்கு நேரம் குறிக்கப்பட்டுள்ளது. அவருடன் நான் செல்ல வேண்டியுள்ளதால், அன்று பிற்பகல் 3.30 முதல் 5.00 வரை அனுமதி வழங்க வேண்டுகிறேன். அன்றைய தபால் பதிவை 3.00 மணிக்குள் முடித்து ஒப்படைத்துவிடுவேன். இம்மாதத்தில் இது என் முதல் அனுமதி.
இப்படிக்கு,
(கையொப்பம்)

நான்கு வாக்கியங்கள். இதில் எதையும் எடுக்க முடியாது, எதையும் சேர்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

பொருள் வரியில் தேதியும் இரண்டு நேரமும் வந்துவிட்டன. பல அலுவலர்கள் பொருள் வரியை மட்டும் படித்துவிட்டு அடியில் கையெழுத்துப் போடுவார்கள். அவர்களுக்கு அந்த ஒரு வரியே போதும். "அனுமதி வேண்டுதல்" என்று மட்டும் எழுதினால் அவர் முழுவதும் படிக்க வேண்டும். தேதியோடு கிழமையையும் எழுதுவது கைத்தவறைப் பிடிக்கும். 12-ஐ 13 என்று எழுதிவிட்டால் கிழமை காட்டிக்கொடுக்கும், எழுத்தர் கேட்டுத் திருத்துவார். "இன்று", "நாளை" என்ற சொற்களைக் கடிதத்தில் எழுதவே வேண்டாம். காகிதம் ஒரு நாள் தட்டில் கிடந்தால் நாளை என்பது நேற்றாகிவிடும்.

நேரத்துக்கு இரண்டு முனை வேண்டும். "3.30-க்குப் போக" என்று மட்டும் எழுதுவதும் "3.30 முதல் 5.00 வரை" என்று எழுதுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில்தான் கழிக்க வேண்டிய நேரம் எவ்வளவு என்று கணக்கில் ஏறும். காலையில் தாமதமாக வரக் கேட்கும்போதும் அப்படியே: "காலை 10.00 முதல் 11.15 வரை" என்று இரண்டையும் எழுத வேண்டும். இடையில் போய்த் திரும்பி வருவதானால் திரும்பும் நேரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அப்போது ஓர் எச்சரிக்கை: உங்களுக்குத் தேவையான நேரத்தைக் குறைத்துக் கேட்காதீர்கள். ஒரு மணி நேரம் போதும் என்று எழுதிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், மிச்சமுள்ள ஒரு மணி நேரம் அனுமதி இல்லாமல் இருந்த நேரம். பேருந்தை நம்பி இறங்கும் இந்த ஊருக்கு அது அடிக்கடி நேரக்கூடியது. கேட்பதை முதலிலேயே சரியாகக் கேட்டுவிடுங்கள்.

காரணம் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. அது சரிபார்க்கக்கூடியதாக இருக்கிறது, ஆனால் விவரம் இல்லை. நோயின் பெயர் இல்லை. பெண் பிள்ளைகள் தங்கள் சொந்த உடல்நிலைக்காகக் கேட்கும்போது "மருத்துவரைச் சந்திக்க" என்ற அளவே போதும், அதற்கு மேல் கேட்க மேலாளருக்கு உரிமையில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். "சொந்த வேலை" என்று எழுதுவதும் தவறல்ல, அவசியம் உள்ள இடத்தில் எழுதலாம். ஆனால் மாதத்துக்கு இரண்டு முறையும் சொந்த வேலை என்றே எழுதினால் மூன்றாவது முறை உண்மையான அவசரத்துக்கும் அந்தக் காகிதம் எடுபடாது. வங்கிக்குப் போவதாக இருந்தால் வங்கிக்கு என்றே எழுதலாம், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது வாக்கியம், வேலையை என்ன செய்திருக்கிறீர்கள் என்பது. இதைத்தான் பெரும்பாலோர் எழுதுவதில்லை. அலுவலர் கையெழுத்துப் போடும் முன் மனத்தில் நினைப்பது, 3.30-க்குப் பிறகு யாராவது சான்றிதழ் கேட்டு வந்தால் யார் எடுத்துக் கொடுப்பது என்பதுதான். அதற்கு நீங்களே பதில் சொல்லிவிட்டால் மறுக்கக் காரணம் இருக்காது. கடையில் கவுன்டரில் நிற்கிறவர் என்றால் யார் அந்த நேரம் நிற்பார் என்று பெயர் எழுதலாம், அவரிடம் முன்பே கேட்டு ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும்.

கடைசி வாக்கியம் எழுத்தருக்கு. இது முதலாவதா இரண்டாவதா என்று அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தவறாக எழுதினால் கண்டுபிடித்துவிடுவார், ஆகவே உண்மையாக எழுத வேண்டும்.

"மிகவும் தாழ்மையுடன்", "பெரிய மனது வைத்து", "தங்கள் பாதம் பணிந்து" என்பவற்றை விட்டுவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். பணிவு குறைந்ததாக யாரும் நினைக்க மாட்டார்கள். "வேண்டுகிறேன்" என்ற ஒரு வினைச்சொல்லில் பணிவு இருக்கிறது, "ஐயா" என்ற விளியில் இருக்கிறது. விதிப்படி உங்களுக்கு உள்ள ஒன்றரை மணி நேரத்தைக் கேட்கிறீர்கள். அதைப் பிச்சையாகக் கேட்டுப் பழகினால், பிறகு மறுக்கப்படும்போது ஏன் என்று கேட்கும் துணிவும் போய்விடும். தோட்டத்தில் கங்காணியிடமும் துரையிடமும் தலை குனிந்து கேட்டே பழகிய நம் வீடுகளில் இந்தப் பழக்கத்தை மாற்றுவது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். இலங்கை மலையகத் தோட்டங்களில் அரைப்பேர் என்று ஒரு சொல் உண்டு. அரை நாள் வேலைக்கு மட்டும் பெயர் பதிவது. பாதியில் வீட்டுக்குப் போக நேர்ந்தவருக்கு எவ்வளவு கூலி என்பதை அந்தப் பதிவுதான் தீர்மானித்தது. கேட்டுப் போனாரா, கேட்காமல் போனாரா என்பது எழுத்தில் இல்லாதபோது, சொல் யாருடைய வாயில் இருந்ததோ அவர் சொன்னதே நின்றது.

அதனால்தான் வாய்வழி அனுமதியை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன். "சார்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்" என்று ஒருவர் சொல்வார், "யார் சொன்னார்கள்?" என்று சார் கேட்பார். தொழிற்சாலைகளுக்கான மாதிரி நிலையாணைகளில், வருகை பதிந்துவிட்டு வேலை நேரத்தில் தன் இடத்தில் இல்லாதவர், அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாவிட்டால், அந்த நேரத்துக்கு வராதவராகவே கருதப்படுவார் என்று இருக்கிறது. வழக்கமாகத் தாமதமாக வருவதை ஒழுங்கீனம் என்றும் அவை பட்டியலிடுகின்றன. ஆனால் நம் பக்கமும் சட்டம் ஒன்றைச் சொல்கிறது. வராத நேரத்துக்கான சம்பளப் பிடித்தம், அந்த நேரத்தின் விகிதத்தைத் தாண்டக் கூடாது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலிருந்தே வரும் கொள்கை அது. ஒன்றரை மணி நேரத்துக்கு முழு நாள் சம்பளம் பிடித்தால் கேட்கலாம், ஆனால் கேட்க உங்கள் கையில் கையெழுத்துள்ள ஒரு பிரதி வேண்டும். ஆகவே எப்போதும் இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் "பெறப்பட்டது" என்று எழுத்தர் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தாலும் போதும்.

இனி தாமத வருகைக்கு வருவோம். இந்த ஊருக்கு இதுதான் அதிகம். காலையில் பஸ் மூன்று வளைவு இறங்கியதும் நின்றுவிட்டது. மரம் விழுந்து கிடக்கிறது. அங்கே கடிதம் எழுத முடியாது. நிற்கும் இடத்திலிருந்தே ஒரு செய்தி அனுப்ப வேண்டும். எல்லா வளைவிலும் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே செய்தியை முதலிலேயே தட்டச்சு செய்து அனுப்பிவிடுங்கள், சிக்னல் கிடைத்ததும் போய்ச் சேரும். அதோடு லயத்தில் இருக்கும் யாரிடமாவது சொல்லி அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். செய்தி இப்படி இருக்கலாம்:

"ஐயா, வணக்கம். கல்லாறு சாலையில் மரம் விழுந்து காலை 8.40 முதல் பஸ் நிற்கிறது. 11.15-க்குள் வந்துவிடுவேன் என எதிர்பார்க்கிறேன். வந்ததும் கடிதம் தருகிறேன். (பெயர்), அலுவலகப் பிரிவு."

பெயரை எழுத மறக்காதீர்கள். அவருடைய கைப்பேசியில் உங்கள் எண் பதிந்திருக்க வேண்டும் என்பதில்லை. குரல் செய்தியாக அனுப்பாதீர்கள், கூட்டத்தில் இருக்கும் அலுவலர் அதைக் கேட்க முடியாது. பஸ் நிற்கும் நேரத்தை எழுதினால் அது ஒரு சான்று. அதே பஸ்ஸில் வந்த இன்னொருவரும் அதே நேரத்தைத்தான் எழுதியிருப்பார்.

போய்ச் சேர்ந்ததும் எழுதும் கடிதம் வேறு விதமாக இருக்க வேண்டும். அதில் "அனுமதி வழங்க வேண்டுகிறேன்" என்று எழுதினால் பொருந்தாது, நேரம் கடந்துவிட்டது. இப்படி எழுதலாம்: "கல்லாறு–பொன்முடி சாலையில் மரம் விழுந்ததால் 18.08.2025 அன்று காலை 10.00 மணிக்குப் பதில் 11.10 மணிக்குப் பணிக்கு வந்தேன். காலை 8.55-க்குக் கைப்பேசிச் செய்தி மூலம் தெரிவித்திருந்தேன். இந்த 1 மணி 10 நிமிடத் தாமதத்தை இம்மாதத்துக்குரிய இரண்டாவது அனுமதியாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்." நேர்ந்தது, எப்போது தெரிவித்தீர்கள், என்ன செய்யக் கேட்கிறீர்கள், அவ்வளவுதான். சாலையில் மரம் விழுந்ததற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் முன்னதாகத் தெரிவிக்காமல் இருந்திருந்தால் அதற்கு ஒரு வரி வருத்தம் தெரிவிக்க வேண்டும். அந்தத் தவறு சாலையுடையது அல்ல.

அந்த மாதத்தில் இரண்டு அனுமதியும் முடிந்துவிட்டால்? ஒளித்துப் பயனில்லை. "இம்மாத அனுமதிகள் முடிந்துவிட்டதால் முற்பகல் அரை நாளைத் தற்செயல் விடுப்பாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்" என்று நீங்களே எழுதிவிடுங்கள். கேரள அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு இருக்கிறது. தனியார் இடங்களில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், இருந்தாலும் நீங்களாகக் கேட்ட விடுப்பு, அவர்களாகப் போட்ட தாமதக் குறியைவிட நல்லது. தாமதக் குறிகள் சேர்ந்தால்தான் பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

இதில் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிலருடைய தாமதம் விபத்தல்ல. முதல் பஸ் விதுராவுக்கு 10.10-க்குத்தான் வருகிறது என்றால், 10.00 மணி வேலைக்கு அவர் ஒவ்வொரு நாளும் தாமதமாகத்தான் போவார். அவர் நாள்தோறும் பெர்மிஷன் எழுதிக்கொண்டிருந்தால் மாதத்துக்கு உள்ள இரண்டும் இரண்டாவது நாளிலேயே முடிந்துவிடும். அவருக்கு வேண்டியது அனுமதி அல்ல, பணி நேர மாற்றம். அது ஒரே முறை எழுதும் கடிதம்: "பொன்முடியிலிருந்து வரும் முதல் பஸ் விதுராவை 10.10-க்கு அடைவதால், என் பணி நேரத்தைக் காலை 10.15 முதல் மாலை 5.15 வரை என மாற்றித் தர வேண்டுகிறேன்." பஸ் நேர அட்டவணையின் நகலை அதோடு இணைக்க வேண்டும். நிறுவனத்துக்கு ஒரு நிமிடமும் நட்டமில்லை என்பது கடிதத்திலேயே தெரிவதால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கடிதத்தை எழுதாமல் மாதாமாதம் பத்து நிமிடத்துக்குச் சம்பளம் இழந்துகொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கும் ஒரு சொல். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய தாய்க்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு இடைவேளைக்கு மேல் ஒரு நாளில் இரண்டு இடைவேளை பாலூட்ட உண்டு என்பது 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தந்த உரிமை. அது மேலாளர் விருப்பப்படி தரும் அனுமதி அல்ல. ஆகவே அங்கே "அனுமதி வழங்க வேண்டுகிறேன்" என்று எழுத வேண்டாம். "காலை 11.00-க்கும் பிற்பகல் 3.00-க்கும் பாலூட்டும் இடைவேளை எடுத்துக்கொள்வதைத் தெரிவித்துக்கொள்கிறேன், நேரத்தில் மாற்றம் வேண்டுமானால் தெரிவிக்கவும்" என்று எழுதுங்கள். எந்த நேரம் என்பதைப் பேசி மாற்றலாம், இடைவேளை உண்டா இல்லையா என்பதைப் பேச வேண்டியதில்லை. இதையும் மாதம் இரண்டு அனுமதிக் கணக்கில் சேர்த்துவிட்டால் உடனே எதிர்த்துக் கேளுங்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்று சிலர் கேட்டீர்கள். கையெழுத்துப் போடுகிறவர் சிரமமில்லாமல் படிக்கும் மொழியில் எழுதுங்கள். விதுராவில் அது பெரும்பாலும் மலையாளமாக இருக்கும். எழுதத் தெரியாவிட்டால் இன்று சொன்ன அந்த நான்கு வாக்கியத்தையும் மலையாளத்தில் ஒரு முறை தெரிந்தவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, நேரம், காரணம், வேலை ஏற்பாடு, எத்தனையாவது அனுமதி என்ற ஐந்து இடம் மட்டும் காலியாக இருக்கட்டும். அடுத்த முறை அந்த ஐந்தை நிரப்பினால் போதும். எண்கள் எல்லா மொழிக்கும் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. கேட்ட அனுமதி தேவைப்படாமல் போவதும் உண்டு. ஸ்கேன் மறுநாளுக்கு மாறிவிட்டது, அம்மா கீழே இறங்கவே இல்லை, நீங்கள் 5 மணி வரை மேஜையிலேயே இருந்தீர்கள். ஆனால் அனுமதிக் காகிதம் பதிவேட்டில் ஏறிவிட்டது, மாதக் கணக்கில் ஒன்று கழிந்துவிட்டது. உடனே, முடிந்தால் அன்றே, ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: "12.08.2025 அன்றைக்குக் கேட்ட அனுமதியைப் பயன்படுத்தவில்லை, அன்று மாலை 5.00 வரை பணியில் இருந்தேன், அனுமதிக் கணக்கிலிருந்து நீக்க வேண்டுகிறேன்." எழுத்தர் அந்த வரியின் அருகே தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டுத் தருவார். அதையும் பிரதிகளோடு வைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதக் கடைசியில் மழை பெய்தால் அந்த ஒன்றரை மணி நேரம் உங்களுக்கு வேண்டியிருக்கும்.